விபிஎன் போட்டால் சார்ஜ் நிற்பதில்லை: நான்கு வழிகளில் உங்களுக்கு எது?

"விபிஎன் போட்ட நாளிலிருந்து சாயங்காலமே போன் சிவப்புக்கு வந்துவிடுகிறது. அணைத்துவிடலாமா, வேறு ஆப்புக்கு மாறலாமா?" இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் மூன்று வகை. ஆபீஸ் கொடுத்த விபிஎன்னை எடுக்க முடியாதவர்கள், பொது வைஃபையில் பாதுகாப்புக்காகக் காசு கொடுத்து வாங்கியவர்கள், ஊரில் இருக்கும் வீட்டு கேமராவையோ கோப்புகளையோ வெளியூரிலிருந்து பார்க்க சொந்தமாக ஒன்றை அமைத்துக்கொண்டவர்கள். மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் சார்ஜ் எங்கே போகிறது என்பது தெரிந்துவிட்டால், தனக்கு எது பொருந்தும் என்று அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.

## சார்ஜ் எங்கே போகிறது

குறியாக்கம்தான் சார்ஜைத் தின்கிறது என்பது பலருடைய எண்ணம். முழுப் பொய் இல்லை, ஆனால் முக்கியக் காரணம் அது இல்லை. சில ஆண்டுகளாக வரும் போன் சிப்களில் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. வயர்கார்டு என்ற புதிய வகை விபிஎன் பயன்படுத்தும் சாச்சா20 குறியாக்க முறை, அந்தக் கட்டளைகள் இல்லாத சிப்பிலும் லேசாக ஓடும். நீங்கள் வீடியோ பார்க்கும்போது திரை இழுக்கும் மின்சாரத்தின் பக்கத்தில் குறியாக்கச் செலவு கண்ணுக்கே தெரியாது.

உண்மையான இழப்பு, போன் சும்மா மேசைமேல் கிடக்கும்போது நடக்கிறது.

போனுக்குள் இருக்கும் மொபைல் ரேடியோ பேச்சு முடிந்ததும் உடனே தூங்காது. ஒரே ஒரு சின்ன டேட்டாப் பொட்டலம் அனுப்பினாலும், "இன்னும் ஏதாவது வருமா" என்று டவரோடு இணைந்தபடியே சுமார் பத்து விநாடி விழித்திருக்கும். அமெரிக்காவில் 4ஜி போன்களை அளந்து 2012-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்த வால் நேரம் 11.6 விநாடி, அந்த நேரத்தில் செலவு ஏறக்குறைய 1 வாட் என்று வந்தது. ஆக, ரேடியோவை ஒருமுறை தட்டி எழுப்பினால் 12 ஜூல் போகிறது. அனுப்பியது நூறு பைட்டாக இருந்தாலும் கணக்கு அதேதான்.

விபிஎன் ஏன் அடிக்கடி தட்டி எழுப்ப வேண்டும்? மொபைல் நெட்வொர்க்கில் பெரும்பாலும் ஏராளமான போன்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்தப் பதில் எந்தப் போனுக்கு என்று நடுவில் இருக்கும் ஆபரேட்டரின் கருவி ஒரு பதிவேடு வைத்திருக்கும். கொஞ்ச நேரம் பேச்சே இல்லையென்றால் அதில் உங்கள் இணைப்புக்கான வரியை அழித்துவிடும். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்துகொள்ளும் டிசிபி இணைப்பென்றால் குறைந்தது 2 மணி 4 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்று இணையத் தர ஆவணம் சொல்கிறது. அப்படி உறுதி கேட்காத யுடிபி என்றால் குறைந்தது 2 நிமிடம்தான், நடைமுறையில் 30 விநாடியிலேயே அழிக்கும் கருவிகளும் இருக்கின்றன. பெரும்பாலான விபிஎன்கள் யுடிபியில்தான் ஓடுகின்றன. அதனால் வரி அழியாமல் இருக்க, சில விநாடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று ஒரு வெற்றுப் பொட்டலத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்குப் பெயர் கீப்அலைவ்.

விபிஎன் இல்லாத ஆண்ட்ராய்டு போனில் எல்லா ஆப்களின் நோட்டிஃபிகேஷனுக்கும் கூகுளோடு ஒரே ஒரு டிசிபி இணைப்புதான். மொபைல் டேட்டாவில் அது 28 நிமிடத்துக்கு ஒருமுறை துடித்தாலே போதும். ஓர் இரவுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 மணி நேரம், 5000 எம்ஏஎச் பேட்டரி, அதாவது சுமார் 19 வாட்-மணி.

28 நிமிடத்துக்கு ஒரு துடிப்பு என்றால் இரவில் 17 முறை, பேட்டரியில் 0.3 சதவீதம். 25 விநாடிக்கு ஒன்று என்றால் 1,152 முறை, ஏறக்குறைய 20 சதவீதம். 10 விநாடிக்கு ஒன்று என்றால் 11.6 விநாடி வால் முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும், ரேடியோ ஒரு நொடிகூடத் தூங்காது. அது 40 சதவீதத்தைத் தாண்டும்.

இன்றைய மோடம்கள் அந்த 2012 போன்களைவிடச் சிக்கனமானவை. போன் ஆழ்ந்து தூங்கும்போது சில விபிஎன் ஆப்களின் கீப்அலைவ் கடிகாரமும் சேர்ந்து நின்றுவிடும். அதனால் உங்கள் போனில் இதே எண்கள் வராது, குறைவாகத்தான் வரும். எண்களை விட்டுவிட்டு அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வைஃபையில் இந்த வால் மிகச் சிறியது, ஒரு விநாடிக்கும் குறைவு. வீட்டில் இருக்கும்போது தெரியாத சார்ஜ் இழப்பு வெளியே போனதும் தெரிவது இதனால்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் மூன்று கேள்விகளைத்தான் பார்ப்பேன். சும்மா கிடக்கும் போனின் ரேடியோவை அது எத்தனை முறை எழுப்புகிறது? வாட்ஸ்அப் செய்தியும் பேங்க் நோட்டிஃபிகேஷனும் நேரத்துக்கு வந்து சேருமா? விபிஎன் இல்லாமல் டேட்டா வெளியே போகும் இடைவெளி உண்டா, உண்டென்றால் அது உங்களுக்குப் பரவாயில்லையா? விலை, வேகம், எந்த நாட்டில் சர்வர் என்பதெல்லாம் பேட்டரி விஷயத்தில் சின்னச் சமாச்சாரம்.

| வழி | சும்மா இருக்கும்போது செலவு | நோட்டிஃபிகேஷன் | பாதுகாப்பு இடைவெளி | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஓபன்விபிஎன், எப்போதும் | மிக அதிகம் | நேரத்துக்கு வரும் | இல்லை | வேறு வழியே இல்லாத ஆபீஸ் போன் |
| வயர்கார்டு, எல்லாமே உள்ளே | கீப்அலைவைப் பொறுத்தது | கீப்அலைவ் இல்லையென்றால் தாமதமாகலாம் | இல்லை | எல்லா டேட்டாவும் மறைய வேண்டியவர் |
| வயர்கார்டு, தேவையானது மட்டும் உள்ளே | மிகக் குறைவு | பாதிப்பில்லை | மற்ற ஆப்கள் வெளியேதான் | வீடு, ஆபீஸ் நெட்வொர்க்கை எட்ட வேண்டியவர் |
| தேவைக்கு மட்டும் போடுவது | இல்லை | பாதிப்பில்லை | போட மறந்தால் திறந்துதான் கிடக்கும் | பொது வைஃபைக்காக வைத்திருப்பவர் |

## வழி 1: ஓபன்விபிஎன், எப்போதும் ஓடட்டும்

ஓபன்விபிஎன் 2001-லிருந்து இருக்கிறது, நம்பகமானது. ஆனால் அது கம்ப்யூட்டர் காலத்துப் பிள்ளை. அதன் மாதிரி சர்வர் அமைப்பில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
keepalive 10 120
```

பத்து விநாடிக்கு ஒரு பிங், அதாவது ஒரு கீப்அலைவ் துடிப்பு. பலர் இதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். போனில் மட்டும் மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். இந்த ஒரு வரி, போனைப் பிங் செய்யச் சொல்வதோடு சர்வரையும் பத்து விநாடிக்கு ஒருமுறை போனுக்குப் பிங் அனுப்ப வைக்கிறது. போன் வாயை மூடிக்கொண்டாலும் சர்வர் தட்டி எழுப்பிவிடும். போதாததற்கு, போனிடமிருந்து 120-ன் இரு மடங்கான 240 விநாடி பேச்சில்லையென்றால் சர்வர் இணைப்பையே துண்டித்துவிடும். மாற்ற வேண்டிய இடம் சர்வர். ஆபீஸ் ஐடி ஆளிடம் `keepalive 60 300` போல வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் நெட்வொர்க் அதற்கு இடம் கொடுத்தால் எழுப்பல் ஆறில் ஒரு பங்காகிவிடும்.

டிசிபி, யுடிபி என்று தேர்வு இருந்தால் யுடிபி எடுங்கள். டிசிபிக்குள் டிசிபி ஓடினால், சிக்னல் மோசமான இடத்தில் இரண்டு அடுக்கும் தனித்தனியாக அதே பொட்டலத்தைத் திரும்ப அனுப்பும், ரேடியோ அவ்வளவு நேரமும் முழு வேகத்தில் எரியும். யுடிபியைத் தடுக்கும் ஹோட்டல் வைஃபையில் மட்டும் டிசிபிக்குப் போகலாம்.

ஆண்ட்ராய்டுக்கான திறமூல ஓபன்விபிஎன் ஆப்பில், திரை அணைந்தபின் டேட்டா ஓட்டம் மிகக் குறைவாக இருந்தால் இணைப்பை நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது. சார்ஜுக்கு நல்லது. ஆனால் நிறுத்திவைத்த நேரத்தில் உங்கள் போன் விபிஎன் இல்லாமல் வெளியே பேசும். `Persistent Tun` போட்டிருந்தால் நெட்டே இருக்காது. இரண்டில் ஒன்றை ஏற்றுக்கொள்ள முடிந்தால் மட்டும் போடுங்கள்.

## வழி 2: வயர்கார்டு, எல்லா டேட்டாவும் உள்ளே

பேச எதுவும் இல்லையென்றால் வயர்கார்டு வாயே திறக்காது. கீப்அலைவ் அதில் இயல்பாக அணைந்திருக்கும். நீங்களோ, நீங்கள் காப்பி அடித்த வழிகாட்டியோ இந்த வரியைச் சேர்த்தால்தான் அது துடிக்கத் தொடங்கும்:

```
PersistentKeepalive = 25
```

பெரும்பாலான நெட்வொர்க்குகளின் பதிவேடு அழியாமல் இருக்க 25 விநாடி போதும் என்பதால் இந்த எண் எல்லா இடத்திலும் பரவிவிட்டது. போனில் இந்த வரி தேவையா என்பதுதான் கேள்வி.

வரியை எடுத்துவிட்டால் சார்ஜ் மிச்சம். ஆனால் இதற்கு ஒரு மறைமுக விலை இருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. எல்லா டேட்டாவும் விபிஎன் வழியே போகும்போது, கூகுளின் நோட்டிஃபிகேஷன் இணைப்பும் அதற்குள்ளேதான் ஓடும். போன் தூங்கிய சிறிது நேரத்தில் ஆபரேட்டரின் பதிவேட்டில் வரி அழிந்துவிடும். அப்போது வரும் வாட்ஸ்அப் செய்தி சர்வர் வரை வந்து நிற்கும், போனை எட்டாது. போன் தானாக ஏதாவது அனுப்பினால்தான் வழி மீண்டும் திறக்கும், அதாவது அடுத்த துடிப்பு வரை காத்திருக்க வேண்டும். 28 நிமிடத் துடிப்பென்றால் கிட்டத்தட்ட அரை மணி நேரம் தாமதமாகலாம். திரையைத் தொட்டதும் ஐந்தாறு செய்தி ஒரே நேரத்தில் கொட்டுகிறது என்றால், உங்களுக்கு நடப்பது இதுதான்.

இதற்கு நான் சொல்லும் வழி: வயர்கார்டு ஆண்ட்ராய்டு ஆப்பில் சில ஆப்களை மட்டும் விபிஎன்னிலிருந்து விலக்கலாம். அங்கே `Google Play services` என்பதை விலக்கிவிடுங்கள். நோட்டிஃபிகேஷன் இணைப்பு நேராக வெளியே போய்விடும், அது டிசிபி என்பதால் அடிக்கடி துடிக்க வேண்டியதில்லை. விபிஎன்னும் நிம்மதியாகத் தூங்கும். விலை என்னவென்றால், உங்கள் உண்மையான ஐபி முகவரி கூகுளுக்குத் தெரியும். அதை மறைப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் இது உங்களுக்கு ஆகாது. இன்னொன்று, ஆண்ட்ராய்டில் `Block connections without VPN` போட்டிருந்தால் விலக்கிய ஆப்களுக்கு நெட்டே கிடைக்காது. இரண்டையும் சேர்த்து வைக்க முடியாது.

காசு கொடுத்து வாங்கும் விபிஎன்களில் இந்தக் கீப்அலைவ் வரியைத் தொட விடுவது அரிது. அப்படியென்றால் அந்த ஆப்பின் அமைப்பில் வயர்கார்டு அல்லது ஐகேஇவி2 என்ற விபிஎன் முறை இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது இணைப்பை முதலிலிருந்து போடாமல் தொடரும் வசதி ஐகேஇவி2-வில் உண்டு. பஸ்ஸிலும் ரயிலிலும் அதிகம் போகிறவர்களுக்கு அந்த ஒன்றுக்காகவே நல்லது. ஐபோனில் அது தனி ஆப் இல்லாமலேயே ஓடும், ஆண்ட்ராய்டு 11-லிருந்து அங்கும் உள்ளேயே இருக்கிறது.

## வழி 3: தேவையானது மட்டும் உள்ளே

வீட்டையோ ஆபீஸையோ எட்டுவதுதான் நோக்கம் என்றால் எனக்கு இதில் இரண்டாம் எண்ணமே இல்லை. இதுதான்.

என் தங்கை மகன் கதையைச் சொல்கிறேன். அவன் சென்னையில் வேலை பார்க்கிறான், தென்காசி வீட்டில் இரண்டு கேமரா. வீட்டு பிராட்பேண்டில் தனிப் பொது முகவரி இல்லை, அதனால் ஒரு வாடகை சர்வரை நடுவில் வைத்தான். வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், கையில் போன், இரண்டும் வயர்கார்டு வழியே அந்தச் சர்வரில் சேரும். வேலை நன்றாகவே நடந்தது. "எல்லாம் சரி மாமா, ஆனா காலைல எந்திரிச்சா போன்ல பாதி சார்ஜ்தான் இருக்கு" என்றான்.

அமைப்பை வாங்கிப் பார்த்தேன். 25 விநாடி வரி மூன்று இடத்தில் இருந்தது: பையில், போனில், சர்வரில் போனுக்கான பகுதியில். பையில் அது கட்டாயம் வேண்டும். வீட்டுப் பக்கம் பதிவேட்டில் வரி அழிந்துவிட்டால் சர்வரால் வீட்டைக் கூப்பிடவே முடியாது, பை எப்போதும் கரண்டில் இருப்பதால் அதற்குச் செலவும் ஒரு பொருட்டல்ல. போனுக்கு அது வேண்டாம், ஏனென்றால் பேச்சை எப்போதும் தொடங்குவது போன்தான். சர்வரில் இருந்த வரிதான் உண்மையில் மோசமானது. போன் ஆழ்ந்து தூங்கும்போதுகூட வெளியிலிருந்து 25 விநாடிக்கு ஒருமுறை ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு இடத்திலும் எடுத்தோம். அப்புறம் போனில் `AllowedIPs = 0.0.0.0/0` என்று இருந்ததை மாற்றினோம். அதற்குப் பொருள் உலகத்தில் எந்த முகவரிக்குப் போனாலும் விபிஎன் வழியே போ என்பது. கேமரா பார்க்க அது எதற்கு?

```
AllowedIPs = 10.8.0.0/24, 192.168.1.0/24
```

இதில் முதலாவது விபிஎன்னின் சொந்த முகவரிகள், இரண்டாவது வீட்டு ரவுட்டர் கொடுக்கும் முகவரிகள். இனி கேமரா ஆப்பைத் திறந்தால் மட்டும் விபிஎன் பேசும், நோட்டிஃபிகேஷன் வழக்கம்போல நேராக வரும்.

முடிந்தது என்று நினைத்தோம், முடியவில்லை. மறுநாளும் விபிஎன்னில் துளித்துளியாக டேட்டா போய்க்கொண்டிருந்தது. காரணம் `DNS = 10.8.0.1` என்ற வரி. அது இருக்கும்வரை போனில் எந்த ஆப் எந்தத் தளத்தின் பெயரைத் தேடினாலும் அந்தக் கேள்வி விபிஎன் வழியேதான் போகும். அந்த வரியையும் எடுத்தோம். வீட்டுக் கருவிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, எண் முகவரியைத்தான் தட்ட வேண்டும். இரண்டு கேமராவுக்கு அது ஒரு பாரமில்லை.

அடுத்த நாள் காலையில் சர்வரில் `wg show` கொடுத்துப் பார்த்தபோது போனுக்கு நேரே `latest handshake` பல மணி நேரத்துக்கு முந்தையதாக இருந்தது. அதாவது போன் இரவு முழுக்க விபிஎன்னில் ஒரு வார்த்தை பேசவில்லை. கீப்அலைவ் ஓடும் போனில் இந்த நேரம் சில நிமிடத்தைத் தாண்டாது.

## வழி 4: தேவைக்கு மட்டும் போடுவது

கடைசி வகை, பொது வைஃபைக்காக மட்டும் வைத்திருப்பவர்கள். அவர்கள் மொபைல் டேட்டாவில் விபிஎன்னை ஓட்டி சார்ஜை எரிப்பதில் அர்த்தமே இல்லை. கையால் போட்டு அணைத்தால் ஒருநாள் மறக்கும், அதனால் போனையே செய்ய வையுங்கள். ஐபோனில் வயர்கார்டு ஆப்பின் `On-Demand` பகுதியில் வைஃபைக்கு மட்டும் என்று தேர்ந்தெடுத்து, வீட்டு வைஃபை பெயரை விலக்குப் பட்டியலில் போட்டுவிடலாம். காசு கொடுத்து வாங்கும் பல விபிஎன் ஆப்களில், தெரியாத வைஃபையில் தானாகப் போட்டுக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது.

விளம்பரத்தைத் தடுக்க மட்டும் விபிஎன் போன்ற ஒரு ஆப்பை ஓடவிட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 9-லிருந்து இருக்கும் `Private DNS` அமைப்பில், விளம்பரத் தளங்களைத் தடுக்கும் ஒரு டிஎன்எஸ் சேவையின் பெயரைக் கொடுத்தால் அந்த வேலையில் பெரும்பகுதி நடந்துவிடும்.

## எந்த வழியானாலும் இந்த ஒன்று

சில போன்கள் சார்ஜைக் காப்பாற்றுவதாக நினைத்து, பின்னணியில் ஓடும் விபிஎன் ஆப்பைக் கொன்றுவிடும். எப்போதும் ஓட வேண்டும் என்று நீங்கள் வைத்திருப்பதால் அது உடனே மறுபடி எழுந்து, சர்வரோடு முதலிலிருந்து கைகுலுக்கும். இரவில் இப்படிப் பல தடவை நடந்தால் அதுவும் வீண் செலவுதான். அதனால் விபிஎன் ஆப்பின் பேட்டரி அமைப்பை `Unrestricted` என்று வையுங்கள். கட்டுப்பாட்டை எடுத்தால் சார்ஜ் கூடுதலாகப் போகும் என்று தோன்றும், இந்த ஆப்புக்கு மட்டும் அது நேர்மாறு.

## மாற்றியது வேலை செய்கிறதா

பேட்டரிப் பக்கத்தில் விபிஎன் ஆப்புக்கு நேரே காட்டும் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். மற்ற ஆப்களின் டேட்டாவைக் குறியாக்கும் வேலையெல்லாம் அதன் பெயரில்தான் எழுதப்படுகிறது. பகலில் நிறைய வீடியோ பார்த்தால் அந்த எண் கூடும், அது வீணான செலவு அல்ல.

இரண்டு இரவு ஒதுக்குங்கள். இரண்டிலும் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் விட்டு, போனை ஒரே இடத்தில் வையுங்கள். சிக்னல் மாறினால் ஒப்பீடு கெட்டுவிடும். ஓர் இரவு விபிஎன்னோடு, ஓர் இரவு இல்லாமல். படுக்கும்போதும் எழும்போதும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள், படுக்கப்போகும்முன் முதல் கட்டளையையும் காலையில் இரண்டாவதையும் கொடுக்கலாம்:

```
adb shell dumpsys batterystats --reset
adb shell dumpsys batterystats
```

வெளியீட்டில் `Mobile radio active` என்ற வரியை, புதிய போன்களில் `Cellular kernel active time` என்ற வரியைத் தேடுங்கள். இரவு முழுக்க ரேடியோ எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்று அது சொல்லும். விபிஎன் இல்லாத இரவில் சில நிமிடமாக இருந்து, விபிஎன் போட்ட இரவில் மணிக்கணக்கில் ஏறினால், எங்கோ ஒரு கீப்அலைவ் வரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் இல்லையென்றால் சர்வரில் பாருங்கள்.